எவ்வளவு தூரம்? திருநீர்மலை வரைக்கும்!

கேள்வி: ஒரு கூற்றைக் கொடுத்து, 'இதை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறீர்கள்?' என்று கேட்கிறார்கள். ஏற்கிறேன் என்று எழுதினால் பாதி மார்க். ஏற்கவில்லை என்று எழுதினாலும் பாதி மார்க். இவங்களுக்கு என்னதான் சார் வேணும்?
— கல்லூரி மாணவி, பீர்க்கன்கரணை

மீதிப் பாதி வேணும்.

ஜாக்கெட்டுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று டெய்லர் கேட்கும்போது 'ஆமாம், வேணும்' என்று யாராவது சொல்வார்களா? 'எந்த அளவுக்கு' என்று கேட்டவரிடம் அளவைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. வரலாற்றுத் தாளில் இந்தக் கேள்விக்கு 10 மதிப்பெண். திருத்துபவர்களுக்காக அவர்கள் வைத்திருந்த அட்டவணையைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் எவ்வளவு அழகாக விளக்கினாலும் நடுப்படியில் நின்றுவிடுவீர்கள். இரண்டு பக்கத்தையும் விளக்கினால் 7 முதல் 9. அந்தக் கடைசி ஒரு மார்க் 'எந்த அளவுக்கு' என்பதை எடைபோட்டுச் சொன்னவருக்கு மட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் எழுதும் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்விலும் 'உடன்படுகிறீர்களா?' என்று முடிகிற கேள்விகள் வருகின்றன. அங்கே அட்டவணை வெளியே வராது, எதிர்பார்ப்பு அதேதான்.

கேள்வி: புரிந்துவிட்டது. சாதகம் மூன்று, பாதகம் மூன்று எழுதி, 'ஆகவே இக்கூற்றில் உண்மையும் உண்டு, மறுப்புக்கு இடமும் உண்டு' என்று முடித்தால் சரிதானே?
— போட்டித் தேர்வர், இரும்புலியூர்

பட்டிமன்றத்தில் நடுவர் அப்படி முடித்தால் கைதட்டல் கிடைக்கும், பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். விடைத்தாளில் அப்படி முடித்தால் திருத்துகிறவர் மட்டும் வீட்டுக்குப் போவார்.

உங்கள் கடைசி வரியை அப்படியே வெட்டி, வரதட்சிணை பற்றிய கட்டுரையில் ஒட்டிப் பாருங்கள். பொருந்துகிறதா? பிளாஸ்டிக் தடை பற்றியதில்? அங்கேயும் பொருந்தும். எங்கே ஒட்டினாலும் பொருந்துகிற முடிவுரை எதையும் முடிவு செய்யவில்லை என்று பொருள். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் தன் கடைசி வரிக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்த்துவிடலாம். அரை நிமிஷம் கூட ஆகாது.

கேள்வி: ஊசி, துணி, டெய்லர் கதையெல்லாம் வேண்டாம். ஒரு கூற்றை எடுத்து, எடைபோட்டுக் காட்டுங்கள். நானே தருகிறேன்: '2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு முக்கியக் காரணம், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட விதம்.' எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?
— முடிச்சூர் வாசகர்

கேட்கிற உரிமை உங்களுக்கு நிறையவே உண்டு. உங்கள் தெருவில் படகு ஓடியது எனக்கும் நினைவிருக்கிறது. உட்காருங்கள், இதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

பேனாவைத் திறப்பதற்கு முன்னால் கூற்றிலேயே இரண்டு சொல்லின் கீழே கோடு போடுகிறேன். ஒன்று 'முக்கிய'. 'ஒரே காரணம்' என்று கூற்று சொல்லவில்லை. ஆகவே 'மழையும் ஒரு காரணம்' என்று காட்டிவிட்டால் கூற்று உடைந்துவிடாது. மழையைவிட ஏரித் திறப்பு பெரிதா சிறிதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது 'சென்னை'. எந்தச் சென்னை? கோட்டூர்புரமா, வேளச்சேரியா, உங்கள் முடிச்சூரா? இந்தச் சொல்லில்தான் விடையே ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் கூற்றுக்கு ஆதரவாக. டிசம்பர் 1-ஆம் தேதி ஏரியிலிருந்து விடும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், இரவில் விநாடிக்கு 29,000 கனஅடி விட்டார்கள். கனஅடி என்றால் நம்மில் பலருக்குப் பிடிபடாது, தண்ணி லாரி என்றால் பிடிபடும். 12,000 லிட்டர் லாரியாக வைத்தால் ஒவ்வொரு விநாடியும் 68 லாரி கவிழ்ந்ததுபோல. அது அடையாற்றில் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த நந்தம்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகப் போனது. ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நவம்பர் மழையிலேயே அது பெருமளவு நிரம்பிவிட்டது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இடம் வைத்திருக்கலாமே என்பது இந்தப் பக்கத்தின் பலமான வாதம். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்ற தொனியிலேயே சாடியது. ஏரி முழுக் கொள்ளளவை எட்டாதபோதே அவ்வளவு தண்ணீர் விடப்பட்டது என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இனி மறுபக்கம். அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. ஒரு மழைக்காலம் முழுவதும் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஒரு பகல், ஓர் இரவில் கொட்டியிருக்கிறது. அதுவும் எப்போது? நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, மண் இனி ஒரு சொட்டும் குடிக்காது என்ற நிலையில் இருந்தபோது. இன்னொன்றும் உண்டு. செம்பரம்பாக்கம் வெள்ளத் தடுப்புக்காக வைத்திருக்கிற காலிப் பாத்திரம் இல்லை, சென்னையின் குடத்துக்குத் தண்ணீர் தரும் ஏரி. நவம்பர் கடைசியில் அதைத் திறந்து காலி செய்துவிட்டு, டிசம்பரில் மழை பொய்த்திருந்தால், அடுத்த ஏப்ரலில் அதே அதிகாரியை அதே ஊர் குடத்தோடு மறித்திருக்கும். இதையும் எடையில் போட வேண்டும்.

இதுவரை பலரும் எழுதுவார்கள். இங்கே நிறுத்தினால் அது இரண்டு பட்டியல். இனிமேல்தான் எடைபோடுவது.

நான் பயன்படுத்தும் வழி எளியது. ஒரு காரணத்தை எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பேன். ஏரித் திறப்பை எடுத்துவிடுவோம். கோட்டூர்புரத்தில் என்ன ஆகியிருக்கும்? அடையாற்றுக்கு வேறு ஏரிகளின் உபரிநீரும் வருவதால் ஆறு நிரம்பித்தான் ஓடியிருக்கும். தாழ்வான வீடுகளில் தண்ணீர் ஏறியிருக்கலாம். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக அந்த உயரத்துக்கு ஏறியிருக்காது என்பது என் கணிப்பு. எனவே கோட்டூர்புரத்துக்குக் கூற்று பெரும்பாலும் நிற்கிறது.

அதே சோதனையை முடிச்சூரில் வையுங்கள். வரைபடத்தை விரியுங்கள். அடையாறு மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் தொட்டுக்கொண்டு வடக்கே போகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அதில் வந்து சேருவது திருநீர்மலை அருகே. அதாவது உங்கள் வீட்டைத் தாண்டி, கீழே. செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் உங்கள் தெருவுக்கு வர வேண்டுமானால் ஆற்றில் எதிர்நீச்சல் போட வேண்டும். உங்கள் பக்கம் தண்ணீர் வருவது நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிட்டது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? கீழே ஆறு நிரம்பி நிற்கும்போது மேலே இருக்கிற தண்ணீர் வடியத் தாமதமாகும். அதனால் பங்கு பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். முக்கியக் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். முடிச்சூருக்கு முக்கியக் காரணம் மேலே இருக்கிற ஏரிகளின் வெள்ளமும், ஆற்றின் ஓரத்தையே மனையாக வெட்டி விற்றதும்.

வேளச்சேரி? அது பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வடிகிற ஊர். அங்கே தேங்கிய தண்ணீரைச் செம்பரம்பாக்கத்தின் கணக்கில் எழுதினால் ஏரிக்கே கோபம் வரும்.

ஆக என் தீர்ப்பு: திருநீர்மலைக்குக் கீழே அடையாற்றங்கரைக்கு இந்தக் கூற்று பெரும்பாலும் சரி. மேலே இருப்பவர்களுக்கும் ஆற்றுக்குத் தொடர்பில்லாத பகுதிகளுக்கும் சரியில்லை. 'சென்னை வெள்ளம்' என்று மொத்தமாகச் சொன்னால் முதன்மைக் காரணம் நிரம்பிய மண்மேல் விழுந்த அந்த மழை. ஏரி திறந்த விதம் அதை ஒரு பாதையில் பேரழிவாக மாற்றியது. 'எந்த அளவுக்கு' என்று கேட்டீர்கள், எவ்வளவு தூரத்துக்கு என்று ஊர்ப் பெயரோடு பதில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: சி.ஏ.ஜி.யே சொன்ன பிறகு நீங்கள் யார் எடைபோட?
— பெருங்களத்தூர் வாசகர்

யாருமில்லை. தேர்வு எழுதுகிற பிள்ளையும் யாருமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைத்தான் 'நீ எந்த அளவுக்கு ஏற்கிறாய்' என்று கேட்டிருக்கிறார்கள்.

ஓர் அறிக்கையைச் சாட்சியாகக் கூப்பிடலாம். அதுவே நீதிபதி ஆகிவிட்டால் நீங்கள் எழுத ஒன்றுமில்லை. தணிக்கை செய்கிறவரின் வேலை அரசு நிர்வாகம் எங்கே தவறியது என்று பார்ப்பது. வானத்தைத் தணிக்கை செய்ய அவருக்கு அதிகாரம் கிடையாது. எனவே அவர் அறிக்கையில் மனிதத் தவறு பெரிதாகத் தெரிவது இயல்பு. அது பொய் என்று ஆகாது. எந்தக் கேள்விக்கு விடையாக அது எழுதப்பட்டது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். இதே அளவுகோல், 'பேய்மழை, யார் என்ன செய்ய முடியும்' என்று சொன்ன அரசுத் தரப்புக்கும் பொருந்தும். தன் மேல் பழி வரக்கூடிய இடத்தில் மழையைக் கை காட்டுவது மனித இயல்பு.

கேள்வி: இரண்டு பக்கத்தில் எதை முதலில் எழுதுவது?
— ஆசிரியப் பயிற்சி மாணவர், வண்டலூர்

கடைசியில் நீங்கள் தள்ளப்போகிற பக்கத்தை.

இது நான் கண்டுபிடித்ததில்லை. சிவஞான சித்தியாரில் அருள்நந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் செய்தார். முதலில் பரபக்கம், அதாவது மற்ற சமயத்தார் சொல்வது. பிறகுதான் சுபக்கம், தன் கொள்கை. அதே நூற்றாண்டை ஒட்டிய நன்னூலில் பவணந்தியார் நூலாசிரியனுக்கு ஏழு மதங்கள் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பின்பு களைவது இன்னொன்று. இருவர் முரண்பட்டுச் சொல்லும்போது ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்வதும் அந்த ஏழில் உண்டு. கவனியுங்கள், 'துணிவு' வேண்டும் என்கிறார். 'இரண்டும் சரியே' என்று நழுவுவதை எட்டாவது மதமாக அவர் சேர்க்கவில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தள்ளப்போகிற பக்கத்தை நோஞ்சானாக்கி நிறுத்தி, ஒரே அறையில் வீழ்த்தக்கூடாது. மேலே செம்பரம்பாக்கத்துக் கணக்கில் 'முன்கூட்டியே இடம் வைத்திருக்கலாமே' என்ற வாதத்தை விட்டுவிட்டு, வெறுமனே '29,000 கனஅடி' என்று மட்டும் எழுதியிருந்தால் எதிர்ப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசிப்பவருக்கு அந்த ஏமாற்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துக்காரரே படித்து 'ஆமாம், நான் இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டுப் பிறகு மறுக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவையும் 150 சொல்லில் எழுத முடியுமா? உங்களுக்குப் பத்திரிகை பக்கம் பக்கமாக இடம் தருகிறது. என் மகளுக்கு ஒன்றரைப் பக்கம்தான்.
— ஒரு தாயார், சேலையூர்

நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன். மகளிடம் இதைக் காட்டுங்கள்:

*'ஏரியைத் திறந்த விதம் சென்னை வெள்ளத்தின் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி விடப்பட்டதால், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற அடையாற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் திடீரென உயர்ந்தது. நவம்பரிலேயே படிப்படியாக விட்டிருந்தால் இந்த வேகம் குறைந்திருக்கும், சி.ஏ.ஜி. அறிக்கையும் நிர்வாகத்தைக் குறை கூறியது. ஆனால் ஏரியின் உபரிநீர் சேரும் திருநீர்மலைக்கு மேலே உள்ள முடிச்சூரும், ஆற்றோடு தொடர்பில்லாத வேளச்சேரியும் மூழ்கியதை இது விளக்காது. அங்கே, ஏற்கெனவே நிறைந்திருந்த நிலத்தில் ஒரே நாளில், தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. எனப் பெய்த மழையும் நீர்வழி ஆக்கிரமிப்புமே காரணம். மழை எல்லா இடத்திலும் செயல்பட்டது, திறப்பு ஒரு பாதையில் மட்டும் செயல்பட்டது. எனவே நகரம் முழுமைக்கும் மழையே முதன்மைக் காரணம். அடையாற்றின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் கூற்றைப் பெருமளவு ஏற்கிறேன்.'*

எண்ணிப் பாருங்கள், 150-ஐத் தாண்டாது. இதில் நான் பெருமைப்படுவது கடைசியிலிருந்து மூன்றாவது வரியில். 'மழை எல்லா இடத்திலும், திறப்பு ஒரு பாதையில்' என்ற அந்த வரிதான் தராசு. இரண்டு காரணத்தையும் ஒரே அளவுகோலில் வைத்து, எது அதிக இடத்தை விளக்குகிறது என்று சொல்கிறது. அது இல்லாவிட்டால் மேலே ஒரு பட்டியல், கீழே ஒரு தீர்ப்பு, நடுவில் வெற்றிடம். தீர்ப்பு வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும். முதல் வரியையும் பாருங்கள். தீர்ப்பின் வாசனை அங்கேயே அடித்துவிடுகிறது. 'சென்னை தமிழகத்தின் தலைநகரம் ஆகும்' என்று தொடங்கியிருந்தால் நான்கு சொல் போயிருக்கும், ஒன்றும் வந்திருக்காது.

கேள்வி: நேரம்?
— குரோம்பேட்டை வாசகர்

யு.பி.எஸ்.சி. பொது அறிவுத் தாளில் 3 மணி நேரத்தில் 20 கேள்வி. ஒன்றுக்குச் சராசரியாக 9 நிமிஷம். அதில் முதல் ஒன்றரை நிமிஷம் பேனா தாளைத் தொடக்கூடாது. விடைத்தாளின் ஓரத்தில் தீர்ப்பை ஆறேழு சொல்லில் கிறுக்கிக்கொண்டு பிறகு எழுத ஆரம்பியுங்கள். தீர்ப்பு தெரியாமல் எழுதத் தொடங்கியவர், பஸ் எண் பார்க்காமல் ஏறியவர் மாதிரி. தாம்பரம் தாண்டியபிறகு கண்டக்டரிடம் கேட்பார்.

கேள்வி: 'பீர்க்கன்கரணை, பேரூராட்சியாக இருந்தபோதே நன்றாக இருந்தது.' இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்? நழுவாமல் சொல்லவும்.
— நாற்பது ஆண்டுகளாக பீர்க்கன்கரணைவாசி

எனக்கே பொறி வைக்கிறீர்கள், ஐயா. 2021 நவம்பரில் 5 நகராட்சியையும் நம்முடையது உட்பட 5 பேரூராட்சியையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு.

நழுவ மாட்டேன். ஆனால் 'நன்றாக' என்பது எதில் என்று கேட்காமல் பதில் சொன்னால், மேலே சொன்னதையெல்லாம் நானே மீறுகிறவன் ஆவேன். இப்படிப்பட்ட கூற்றில் காரணங்களைத் தேடுவதற்கு முன் அளவுகோலைத்தான் முதலில் தேட வேண்டும். குறை சொல்ல ஆளைப் பிடிப்பதுதான் அளவுகோல் என்றால் உங்கள் கட்சி. அப்போது தலைவர் காலையில் டீக்கடையில் கிடைப்பார், இப்போது 70 பேரில் நம் வார்டுக்காரர் ஒருவர். பாதாளச் சாக்கடை, பெரிய மழைநீர் வடிகால், பக்கத்து ஊரோடு சேர்த்துத் திட்டமிட வேண்டிய வேலைகள் என்றால் எதிர்க்கட்சி. தண்ணீர் பேரூராட்சி எல்லையில் நின்று அனுமதி கேட்பதில்லை. இந்த ஊரில் வருஷத்துக்கு வருஷம் பயமுறுத்துவது வெள்ளம் என்பதால் இரண்டாவது அளவுகோலுக்கு எடை கூட்டுகிறேன். அதனால் உங்கள் கூற்றை நான்கில் ஒரு பங்குதான் ஏற்கிறேன். அந்த ஒரு பங்கும் டீக்கடைக்காக.

கேள்வி: தீர்ப்பு தப்பாக இருந்தால் மார்க் போகுமா?
— பிளஸ் டூ மாணவன், பீர்க்கன்கரணை

போகாது தம்பி. நான் சொன்ன தீர்ப்புக்கு நேர் எதிராக, 'திறப்பே முதன்மைக் காரணம், ஏனென்றால் உயிர்ச்சேதத்தை இடத்தின் பரப்பால் அளக்கக்கூடாது, திடீரென வந்த வேகத்தால் அளக்க வேண்டும்' என்று நீ எழுதினாலும் முழு மார்க் வாங்கலாம். அளவுகோலைச் சொல்லிவிட்டாய், அதன்படி எடைபோட்டாய், அவ்வளவுதான் வேண்டும். மார்க் போவது மூன்று பேருக்கு: தீர்ப்பே சொல்லாதவர், சான்றில்லாமல் சொன்னவர், மேலே ஒன்றை எழுதிவிட்டுக் கீழே வேறொன்றைத் தீர்ப்பாகச் சொன்னவர். மூன்றாமவர் எண்ணிக்கைதான் அதிகம்.

அடுத்த இதழுக்கான கூற்று: 'பீர்க்கன்கரணை ஏரியை அழகுபடுத்துவதைவிட ஆழப்படுத்துவதே அவசரம்.' எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்? 150 சொல்லுக்குள் எழுதி அனுப்புங்கள். 'உண்மையும் உண்டு, மறுப்புக்கு இடமும் உண்டு' என்று முடிகிற கடிதங்கள் இரும்புலியூர் வாசகரிடம் திருப்பி அனுப்பப்படும்.